விடுமுறை அறிவிப்பு வைக்கப் போய் 4,500 ரூபாய் போச்சு

கை இன்னும் நடுங்குகிறது, எழுத்துப் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். வீட்டிலேயே முறுக்கு, அதிரசம் செய்து WooCommerce தளத்தில் விற்கிறேன். பொங்கலுக்கு 14 முதல் 17 வரை அடுப்பு கிடையாது, 10ஆம் தேதிக்குள் ஆர்டர் போட்டால்தான் பண்டிகைக்கு முன் பார்சல் போய்ச் சேரும். இந்த இரண்டு வரியைத் தளத்தின் மேலே காட்ட வேண்டும், அவ்வளவுதான் வேலை.

தனியாள்கள் வேலை எடுத்துச் செய்யும் ஒரு தளத்தில் ஒருவரைப் பிடித்தேன். "அக்கா, பாப்-அப் எல்லாம் வராது, மேலே மெல்லிசா ஒரு பட்டை மட்டும்தான்" என்றார். அந்த "அக்கா"வில்தான் விழுந்தேன். 4,500 ரூபாயையும் முன்பணமாக, அதுவும் அந்தத் தளத்துக்கு வெளியே, அவர் கணக்குக்கே அனுப்பினேன்.

மறுநாள் என் போனில் திறந்தால் திரை முழுக்க பாப்-அப். மூடும் குறி வலது ஓரத்தில் பாதி வெட்டுப்பட்டு நின்றது, கட்டைவிரலை நாலு தடவை அழுத்தியும் மூடவில்லை. நடுவில் மின்னஞ்சல் கேட்கும் பெட்டி வேறு, அதை யார் கேட்டார்கள்? மூட முடிந்தவர்களும் படிக்காமலே மூடியிருக்கிறார்கள். 10ஆம் தேதிக்குப் பிறகு 11 ஆர்டர், எல்லாருமே பொங்கலுக்கு வரும் என்று நினைத்துப் பணம் கட்டியவர்கள். ஒவ்வொருவரையும் கூப்பிட்டு மன்னிப்புக் கேட்டுப் பணத்தைத் திருப்பினேன்.

அவரைக் கேட்டால், சேமித்து வைத்த பழைய பக்கம்தான் தெரிகிறது என்ற அர்த்தத்தில் முதலில் "கேஷ் அக்கா, நாளைக்குச் சரியாகிடும்". அப்புறம் "உங்க தீம் பழசு". அப்புறம் நீல டிக் மட்டும். அவரைப் பிடித்த அந்தத் தளத்தில் புகார் செய்தால், பணம் எங்கள் வழியாக வரவில்லை என்று ஒரே வரி. 4,500 ரூபாய்!

இன்று தெரிந்தது என்ன தெரியுமா? அந்தப் பட்டை WooCommerce-இலேயே இலவசமாக இருக்கிறது. என்னுடையது போன்ற பழைய வகை தீமில் Appearance → Customize → WooCommerce → Store Notice. எழுதி, டிக் போட்டு, Publish. இரண்டு நிமிடம் ஆகவில்லை. பார்ப்பவர் Dismiss அழுத்தினால் அது அவருக்கு மறைந்துவிடும், ஆனால் வாசகத்தை மாற்றினால் எல்லாருக்கும் மறுபடி தெரியும். அதனால் 11ஆம் தேதி வாசகத்தை மாற்றினாலே போதுமாக இருந்திருக்கும்.

அவசரமாகச் சில: வெளியே பணம் அனுப்பாதீர்கள். "விடுமுறை வாழ்த்துகள்" என்று தொடங்காமல் தேதியை முதலில் எழுதுங்கள். கேஷ் பிளகின் இருந்தால் அறிவிப்பு போடும்போதும் எடுக்கும்போதும் காலி செய்யுங்கள், இல்லாவிட்டால் விடுமுறை முடிந்தும் பட்டை நிற்கும். பட்டை ஆர்டரைத் தடுக்காது, கடைசித் தேதியைப் பொருள் விவரத்திலும் எழுதுங்கள். இன்னும் நிறைய எழுத நினைத்தேன், பன்னிரண்டாவது ஆளாக ஒருவர் போனில் வருகிறார்.