வாட்ஸ்அப் உரையாடலைக் காக்க: உரைக்கோப்பா, பிடிஎஃப்/ஏ-வா?

குடும்பக் குழுவில் ஆண்டுக்கணக்கில் சேர்ந்த பேச்சை வாட்ஸ்அப்பிலிருந்து ஏற்றுமதி செய்தால் கைக்கு வருவது ஒரு .txt கோப்பு. அதை அப்படியே வைப்பதா, பிடிஎஃப்/ஏ-வாக மாற்றி வைப்பதா? பிடிஎஃப்/ஏ என்பது ஆவணக் காப்புக்கென்றே 2005-ல் ஐஎஸ்ஓ 19005 என்று தரப்படுத்தப்பட்ட பிடிஎஃப் வகை. எழுத்துரு கோப்புக்குள்ளேயே பதிந்திருக்க வேண்டும், கடவுச்சொல் போடக் கூடாது என்பவை அதன் முக்கிய விதிகள். முப்பது ஆண்டு கழித்துத் திறந்தாலும் பக்கம் இன்று போலவே தெரிய வேண்டும் என்பதுதான் நோக்கம்.

கண்ணுக்குத் தெரிவதில் அது வாக்குத் தவறுவதில்லை. தமிழுக்குச் சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. யூனிகோடில் ‘கோ’ என்பது முதலில் க, பிறகு ஓகாரக் குறி என்ற வரிசையில் சேமிக்கப்படுகிறது. பிடிஎஃப் பக்கத்திலோ கண் பார்க்கும் வரிசைப்படி இரட்டைக் கொம்பு, க, கால் என்று மூன்று வடிவங்களாக அது வைக்கப்படுகிறது. உருவாக்கிய மென்பொருள் மூல எழுத்தையும் கூடவே குறித்து வைக்காவிட்டால், ‘கோயிலுக்கு’ என்ற சொல்லை நகலெடுத்து ஒட்டும்போது ‘ேகாயிலுக்கு’ என்று வரும். ‘கோயில்’ என்று தேடினால் எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு வடிவத்துக்கும் யூனிகோட் இணை இருக்க வேண்டும் என்று கேட்கும் PDF/A-2u நிலையும் இதற்கு உத்தரவாதம் தராது. அது இணையைக் கேட்கிறதே தவிர, வரிசையைக் கேட்பதில்லை. veraPDF போன்ற சோதனைக் கருவி ‘சரி’ என்று சொல்லிவிடும். தேடல் மட்டும் உடைந்தே இருக்கும். ஆகவே பிடிஎஃப் செய்தவுடன் லினக்ஸ் முனையத்தில் இந்தக் கட்டளையைக் கொடுத்துப் பாருங்கள்:

```
pdftotext chat.pdf - | head -20
```

கொம்பு எழுத்துக்கு முன்னால் தனியாக நின்றால், அந்தக் கோப்பு படிக்க மட்டுமே உதவும்.

உரைக்கோப்பில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ‘வெறும் உரை’ என்பதாலேயே அது நிலைக்கும் என்று நம்ப வேண்டாம். தொண்ணூறுகளில் திஸ்கி, பாமினி என்ற பழைய தமிழ்க் குறியாக்கங்களில் எழுதிய கோப்புகளும் வெறும் உரைதான். இன்று திறந்தால் பொருளற்ற குறிகள்தான் வரும். எந்தக் குறியாக்கம் என்று தெரிந்தவர்தான் மாற்றிப் படிக்க முடியும். இப்போது வேண்டியது யூனிகோடுக்கான UTF-8 குறியாக்கம். நோட்பேடில் தவறுதலாக ANSI என்று சேமித்தால் தமிழ் முழுவதும் கேள்விக்குறிகளாகிவிடும், அந்தக் கோப்பிலிருந்து அதை மீட்கவும் முடியாது. லினக்ஸில் `file -i` கொடுத்தால் `charset=utf-8` என்று காட்ட வேண்டும். மூலக் கோப்பில் கை வைக்காமல், திருத்தங்களை நகலில் மட்டும் செய்வது நல்லது.

உரைக்கோப்பின் உண்மையான பலவீனம் சூழல் உதிர்ந்துபோவது. இந்த வரிகளைப் பாருங்கள்:

```
03/04/21, 9:15 pm - பெரியம்மா: கோயிலுக்கு வந்தாச்சு
03/04/21, 9:16 pm - அண்ணன்: IMG-20210403-WA0007.jpg (file attached)
```

முதல் வரியின் தேதி ஏப்ரல் 3-ஆ, மார்ச் 4-ஆ? தேதி எழுதும் முறை ஏற்றுமதி செய்த ஃபோனின் அமைப்பைப் பொறுத்தது, நேர மண்டலமும் பதிவாவதில்லை. இங்கே நம்மைக் காப்பாற்றுவது படத்தின் பெயர்: 20210403 என்றால் 2021 ஏப்ரல் 3. அந்தப் படத்தை வேறு கோப்புறைக்கு மாற்றிப் பெயரையும் மாற்றிவிட்டால் அந்தச் சாட்சியும் போய்விடும். ‘பெரியம்மா’ என்பதும் ஒருவர் ஃபோனில் சேமித்த பெயர்தான். பேரப்பிள்ளைகள் படிக்கும்போது அது யாரைக் குறிக்கிறது என்று கோப்பு சொல்லாது.

பிடிஎஃப்/ஏ வெல்வது இந்த இடத்தில்தான். கோயில் படத்தை அந்த வரிக்குக் கீழே சேர்த்து மாற்றிவிட்டால் அங்கேயே பதிந்திருக்கும், பிரிந்து போகாது. அச்செடுத்துப் பெரியவர்களிடம் கொடுக்கலாம். குரல் செய்திகளுக்கு மட்டும் அதில் இடமில்லை: பக்கத்துக்குள்ளேயே ஒலியை ஓடவிட அந்தத் தரம் அனுமதிப்பதில்லை. குரல் செய்திகளின் .opus கோப்புகளைத் தனியாக வைப்பதே நல்லது.

ஒன்றுதான் வைக்க முடியும் என்றால், தமிழ் உரையாடலுக்கு நான் UTF-8 உரைக்கோப்பையே வைப்பேன், படங்களும் ஒலிகளும் பழைய பெயரிலேயே அதே கோப்புறையில் இருக்க. கெட்டுப்போன உரையிலிருந்து நல்ல பிடிஎஃப் செய்ய முடியாது. நல்ல உரையிலிருந்து எப்போது வேண்டுமானாலும் புதிதாகச் செய்துகொள்ளலாம். இரண்டுக்கும் இடமிருந்தால் லிப்ரே ஆஃபீஸில் PDF/A-2b என்ற அடிப்படை நிலையில் ஏற்றுமதி செய்து பக்கத்தில் வைக்கலாம். PDF/A-3 என்றால் அந்த .txt கோப்பையே பிடிஎஃப்புக்குள் இணைப்பாக வைக்கவும் தரம் இடம் தருகிறது. ஆனால் இணைப்பு உள்ளே இருப்பதே பலர் கண்ணில் படாது என்பதால், வெளியிலும் ஒரு பிரதி இருக்கட்டும்.

எந்த வழியில் போனாலும் கோப்புறையில் நான்கு வரியில் ஒரு குறிப்பு வேண்டும்: ஏற்றுமதி செய்த நாள், தேதி முறை நாள்/மாதம்/ஆண்டு, நேரம் இந்திய நேரம், பெரியம்மா என்பவர் யாருக்கு என்ன உறவு. அதையும் UTF-8 உரையாகவே எழுதி வையுங்கள்.