SKX007, SRPD55: ஒரே முகம், வேறு வாட்ச்

சீக்கோவின் பழைய SKX007, 2019-இல் வந்த 5 ஸ்போர்ட்ஸ் வரிசையின் SRPD55. இரண்டையும் படத்தில் பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். வித்தியாசம் விவரப் பட்டியலில்தான் தெரியும்.

முதலில் அளவு. இரண்டுமே 42.5 மி.மீ. விட்டம். எண்ணைப் பார்த்து ஒல்லியான கைக்காரர்கள் பயந்துவிடுவார்கள். பட்டை மாட்டும் மேல் கொம்பின் நுனியிலிருந்து கீழ்க் கொம்பின் நுனிவரை உள்ள நீளம்தான் லக்-டு-லக். அது இரண்டிலும் ஏறக்குறைய 46 மி.மீ.தான். மணிக்கட்டின் மேற்பக்கத் தட்டைப் பகுதியை ஸ்கேலால் அளந்து பாருங்கள். 46-ஐ விட அதிகமாக இருந்தால் கொம்புகள் வெளியே நீட்டாது.

கண்ணாடியைச் சுற்றிய வளையம்தான் பெசல். இரண்டிலும் ஒரே திசையில் சுழலும். நிமிட முள்ளுக்கு நேராகப் பூஜ்யத்தை வைத்தால் கழிந்த நிமிடங்களைப் படிக்கலாம். SKX-இல் பூஜ்யத்தில் இருட்டில் ஒளிரும் புள்ளி உண்டு, SRPD55-இல் இல்லை.

பெரிய வித்தியாசம் கிரவுனில். நேரம் வைக்கும் அந்தத் திருகு இரண்டிலும் நான்கு மணிப் பக்கம் இருக்கிறது. SKX-இல் அதை மரையைக் கழற்றித்தான் இழுக்க முடியும். நீர் தாங்கும் அளவு 200 மீட்டர், முறையான டைவிங் வாட்ச். ஆனால் நேரம் வைத்தபின் திரும்ப முறுக்கி மூட மறந்தால் அந்த 200-க்கு அர்த்தமில்லை. SRPD-இல் நேரடியாக இழுக்கலாம். 100 மீட்டர், நீச்சலுக்குப் போதும், ஸ்கூபாவுக்குக் கூடாது.

கேலிபர் என்பது உள்ளே இருக்கும் இயந்திரத்தின் பெயர். இதில் புதியதுதான் ஜெயிக்கிறது. SKX-இன் 7S26-க்குக் கையால் சாவி கொடுக்க முடியாது. நின்றுபோனால் ஆட்டித்தான் ஓட வைக்க வேண்டும். நொடி முள்ளை நிறுத்தி நேரம் வைக்கவும் முடியாது. SRPD-இன் 4R36-இல் இரண்டும் முடியும். ஆனாலும் நாளுக்கு +45 முதல் −35 நொடி வரை பிசகலாம் என்று கம்பெனியே சொல்கிறது. அதனால் மொபைலைப் போலத் துல்லியம் எதிர்பார்க்காதீர்கள்.

கேஸ்பேக், அதாவது பின்மூடி, SRPD-இல் கண்ணாடி, இயந்திரம் தெரியும். SKX-இல் அலை பொறித்த எஃகு. SKX உற்பத்தி நின்றுவிட்டதால் பெரும்பாலும் பழையதுதான் கிடைக்கும். அப்போது பின்மூடியைப் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். 7S26-0020 என்று இருக்க வேண்டும். வரிசை எண்ணின் முதல் இலக்கம் வருடத்தின் கடைசி இலக்கம், இரண்டாவது மாதம். 9 என்றால் 1999, 2009, 2019 எதுவாகவும் இருக்கலாம். விற்பவர் ‘2019 மாடல்’ என்றால் பில்லைக் கேளுங்கள்.

டைவிங் போகாத ஒருவருக்கு நான் SRPD55-ஐத்தான் சொல்வேன். கடலுக்கு அடியில் போகிறவர் SKX-ஐ வாங்கலாம், ரப்பர் வளையங்களை மாற்றி நீர் அழுத்தச் சோதனை செய்த பிறகு.