48,500 ரூபாவும் ஓட்டத்தில் அளந்த 186 துடிப்பும்: டிரையத்லன் பயிற்சித் திட்டம் வாங்குவோருக்கு ஓர் எச்சரிக்கை

பணத்தைத் திருப்பித் தர முடியாது என்ற இறுதிப் பதில் நேற்றிரவு வந்தது. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பின் எழுதினால் நாகரிகம் கருதிப் பாதியை விழுங்கிவிடுவேன். இணையவழியில் பயிற்சித் திட்டம் விற்கும் ஒரு செயலியிடம், நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூன்றுக்குமான 12 வாரத் திட்டத்துக்காக 48,500 ரூபா கொடுத்தேன். பெயரைச் சொல்லப் போவதில்லை. இதே பிழையோடு விற்பவர்கள் ஒருவர் மட்டுமல்லர் என்பதால், பெயரைவிடப் பிழையை அடையாளம் காண்பதே வாசிப்பவருக்கு உதவும்.

நான் ஏமாந்த இடத்தை முதலில் சொல்ல வேண்டும், ஏனென்றால் அங்கே அவர்கள் முட்டாள்தனமாகப் பேசவில்லை. முதல் காணொளி அழைப்பில் அந்தப் பயிற்றுநர், “அண்ணா, 220 இலிருந்து வயதைக் கழிக்கிற கணக்கை நாங்கள் பாவிப்பதில்லை, அது ஆளுக்கு ஆள் பத்துத் துடிப்பு, சிலவேளை அதற்கு மேலும் பிழைக்கும்” என்றார். அது உண்மை. எனக்கு 41 வயது. அந்தக் கணக்குப்படி என் உச்சத் துடிப்பு நிமிடத்துக்கு 179 ஆக இருக்க வேண்டும். அவர் சொன்னபடி விடியற்காலை ஐந்தரைக்குச் சுதந்திர சதுக்கத்தில் துடிப்பை அளக்கும் நெஞ்சுப்பட்டி அணிந்து, 15 நிமிடம் உடலைச் சூடாக்கி, மூன்று நிமிடக் கடும் ஓட்டம் மூன்றை இடைவெளி விட்டு ஓடி, கடைசி ஓட்டத்தின் இறுதி நிமிடத்தில் உயிரைக் கொடுத்து ஓடியபோது 186 வந்தது. கணக்குக்கும் உடலுக்கும் ஏழு துடிப்பு வித்தியாசம். இப்படி அளந்து பார்ப்பவர்கள் ஏமாற்ற மாட்டார்கள் என்று அன்றே நம்பிவிட்டேன். அடுத்த நாள் 48,500 ரூபாவை அட்டையில் செலுத்தினேன்.

அந்த 186ஐ வைத்து அவர்கள் ஐந்து வலயங்களைப் பிரித்தார்கள். இரண்டாம் வலயம், அதாவது மூச்சு முட்டாமல் நீண்ட நேரம் போகக்கூடிய இலகு வேகம், 130 முதல் 145 வரை. நான்காம் வலயம், அதாவது பல்லைக் கடித்துக்கொண்டு 20 நிமிடம் தாங்கக்கூடிய வேகம், 158 முதல் 167 வரை. இந்த எண்களையே ஓட்டத்துக்கும் சைக்கிளுக்கும் நீச்சலுக்கும் ஒரே மாதிரி இட்டார்கள். அப்போதே கேட்டேன்: “தம்பி, தண்ணீருக்குள்ளும் இதே எண்தானா?” அவர் சிரித்துக்கொண்டு, “இதயம் ஒன்றுதானே அண்ணா, வலயமும் ஒன்றுதான்” என்றார். கேட்பதற்கு அழகாக இருந்தது. நானும் சிரித்தேன்.

இதயம் ஒன்றுதான். ஆனால் அதனிடம் வேலை கேட்கும் தசைகள் ஒன்றல்ல. ஓடும்போது ஒவ்வொரு அடியிலும் உடலின் முழுப் பாரத்தையும் கால்கள் தூக்கி இறக்குகின்றன, இடுப்பும் முதுகும் கைகளும் கூடவே உழைக்கின்றன. அத்தனை தசைகளுக்கும் இரத்தம் அனுப்ப வேண்டியிருப்பதால் இதயம் தன் எல்லை வரை போகிறது. சைக்கிளில் பாரத்தை இருக்கை சுமக்கிறது, வேலையின் பெரும்பகுதி தொடைக்குப் போகிறது, பழகாதவருக்கு இதயம் உச்சத்தைத் தொடும் முன்பே தொடை எரிந்து நின்றுவிடுகிறது. இதனால் பெரும்பாலானோருக்குச் சைக்கிளில் எட்டக்கூடிய உச்சம் ஓட்டத்தைவிட ஐந்து முதல் பத்துத் துடிப்பு குறைவாக இருக்கும். பல ஆண்டு சைக்கிளோட்டியவர்களுக்கு இந்த இடைவெளி சுருங்கும், சிலருக்கு இல்லாமலே போகும்.

நீச்சலில் காரணங்கள் கூடுகின்றன. உடல் கிடையாக இருப்பதால் கால்களிலிருந்து இரத்தம் புவியீர்ப்பை எதிர்த்து ஏற வேண்டியதில்லை. சுற்றியுள்ள நீரின் அழுத்தமும் கைகால்களின் இரத்தத்தை நெஞ்சுப் பக்கம் தள்ளுகிறது. ஒவ்வொரு துடிப்பிலும் இதயம் அதிகமாக நிரம்பி அதிகமாக வெளித்தள்ளுவதால், அதே அளவு இரத்தத்தைக் குறைந்த துடிப்புகளிலேயே அனுப்பிவிடுகிறது. முன்தள்ளும் வேலையில் பெரும்பங்கு தோளுக்கும் கைக்கும்தான், அவை கால்களைவிடச் சிறிய தசைகள். நீர் உடல் வெப்பத்தை வாங்கிக்கொள்வதால் தோலுக்கு இரத்தம் அனுப்பும் வேலையும் குறைகிறது. கொழும்பின் வெதுவெதுப்பான தடாகங்களில் இந்தக் கடைசிக் காரணத்துக்குப் பலம் குறைவுதான், ஆனால் மற்றவை எந்தத் தடாகத்திலும் உண்டு. ஓட்டத்தின் உச்சத்தைவிட நீச்சலில் பத்து முதல் பதினைந்து துடிப்பு குறைவாக இருப்பது வழக்கமான ஒன்று.

இதை எனக்கு விளக்கியது பணம் வாங்கிய செயலி அல்ல, உடலியக்கச் சிகிச்சையாளராக வேலை செய்யும் என் மச்சான். ஆறாவது வாரம் வலது தோளைத் தூக்க முடியாமல் வெள்ளவத்தையில் உள்ள அவருடைய வீட்டுக்குப் போனபோது, கைக்கடிகாரத்தின் பதிவுகளைப் பார்த்துவிட்டு, “உமக்கு யார் இந்த எண்ணைத் தந்தது?” என்றுதான் முதலில் கேட்டார்.

அந்த ஆறு வாரமும் நடந்தது இதுதான். புதன்கிழமை நீச்சலில் நான்காம் வலயத்தில் ஐந்து நிமிடம் நான்கு தடவை. 25 மீற்றர் தடாகத்தில் என்னால் முடிந்த வேகத்தில் நீந்தினாலும் கடிகாரம் மணிக்கட்டில் அதிர்ந்துகொண்டே இருக்கும்: வலயத்துக்குக் கீழே, வேகத்தைக் கூட்டு. தண்ணீரில் மணிக்கட்டு உணரி பிழைக்கக்கூடியது என்பதால் அதையே முதலில் சந்தேகித்தேன். சுவரைப் பிடித்துக்கொண்டு, தடாகக் கடிகாரத்தின் விநாடி முள்ளைப் பார்த்தபடி கழுத்தில் விரல் வைத்துப் பத்து விநாடி எண்ணினேன். 25. ஆறால் பெருக்கினால் 150. அந்த நேரத்தில் எனக்குப் பேச மூச்சில்லை, பக்கத்து வரிசைச் சிறுவன் “அங்கிள், ஓகேயா?” என்று கேட்டான். ஆனால் திட்டத்தின் கண்ணில் நான் சோம்பேறி. எனவே கையை இன்னும் வேகமாகச் சுழற்றினேன், வீச்சு சிதறியது, தோள் போனது.

மச்சானின் யோசனைப்படி, தோள் ஆறிய பிறகு தனித்தனியாக அளந்தோம். வீட்டில், நின்ற இடத்திலேயே மிதிக்க உதவும் டிரெய்னரில் பொருத்திய சைக்கிளில், மின்விசிறியை முகத்துக்கு நேரே வைத்து, நிமிடத்துக்கு ஒரு படி பாரத்தைக் கூட்டி, மிதிக்கவே முடியாமல் போகும் வரை போனேன். இரண்டு வெவ்வேறு நாட்களில் 175, 176 வந்தது. நீச்சலில், பதிவைத் தனக்குள் சேமிக்கும் நெஞ்சுப்பட்டியை இறுக்கமான மேற்சட்டைக்குள் அணிந்து கடும் நீச்சலுக்குப் பின் பார்த்தபோது உச்சம் 170. பட்டியிலிருந்து கடிகாரத்துக்குப் போகும் வானொலி அலை தண்ணீருக்குள் சரியாகக் கடத்தப்படாததால் சேமிக்கும் பட்டி தேவைப்படுகிறது.

இப்போது கணக்கைப் பாருங்கள். 158 முதல் 167 என்பது ஓட்டத்தில் என் உச்சத்தின் 85 முதல் 90 வீதம். சைக்கிளில் அதே எண்கள் 90 முதல் 95 வீதம். நீச்சலில் 93 முதல் 98 வீதம். 98 வீதத்தில் ஐந்து நிமிடம் நான்கு தடவை நீந்தச் சொல்வது பயிற்சியல்ல. என் சைக்கிளுக்குரிய சரியான நான்காம் வலயம் 150 முதல் 158 வரை, அதாவது அவர்கள் தந்த வலயம் தொடங்கும் இடத்திலேயே என்னுடையது முடிந்துவிடுகிறது. இலகு நாட்களிலும் இதே கதைதான். ஞாயிற்றுக்கிழமை பாராளுமன்ற வீதிப் பக்கம் 145இல் மூன்று மணி நேரம் மிதித்தபோது நான் உண்மையில் உச்சத்தின் 82 வீதத்தில் இருந்தேன். திங்கட்கிழமை காலிமுகத்திடலில் ஓடப் போனால் கால் இரும்பாகக் கனத்தது ஏன் என்று அப்போது விளங்கவில்லை.

இந்த எண்களோடு செயலிக்கு எழுதினேன். முதல் பதில்: “நீச்சலில் துடிப்பு ஏறவில்லை என்றால் உங்கள் உடற்தகுதி போதாது.” இரண்டாவது: நெஞ்சுப்பட்டியின் மின்கலத்தை மாற்றிப் பாருங்கள். மூன்றாவது கடிதத்தில் அந்தப் பயிற்றுநர் இப்போது வேறு பிரிவில் இருக்கிறார் என்றும், என் முறைப்பாடு தீர்க்கப்பட்டதாகக் கருதி மூடப்பட்டது என்றும் எழுதினார்கள். யார் தீர்த்தார்கள் என்று கேட்டதற்குப் பதில் இல்லை. நேற்றிரவு வந்தது நான்காவது: பணம் மீளப்பெறும் காலம் 14 நாள், நான் முறையிட்டது ஏழாவது வாரம். பிழை தெரிய வந்ததே ஆறாவது வாரம் என்பது அவர்களுக்குப் பொருட்டல்ல. 48,500 ரூபா போனது. தோள் சிகிச்சைக்கு ஆன செலவை இதில் சேர்க்கவில்லை.

விரிவாக ஆலோசனை எழுதுவதாக நண்பர்களிடம் சொல்லியிருந்தேன், இப்போது அதற்குப் பொறுமையில்லை. பணம் கட்டும் முன் ஒரு கேள்வி கேளுங்கள்: சைக்கிளுக்கும் நீச்சலுக்கும் தனித்தனி அளவீடு உண்டா? இல்லையென்றால் விலகுங்கள். ஓட்டத்தின் உச்சத்திலிருந்து பத்தைக் கழித்து சைக்கிளுக்கு வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் அதையும் நம்பாதீர்கள், இடைவெளி ஆளுக்கு ஆள் மாறும். நெஞ்சுவலி, இரத்த அழுத்தம் இருந்தால் மருத்துவரைப் பார்க்காமல் உச்சத்தை அளக்கப் போகாதீர்கள். நீச்சலுக்குத் துடிப்பைவிட நேரமே நம்பகமானது: 400 மீற்றரையும் 200 மீற்றரையும் தனித்தனியே முழு வேகத்தில் நீந்தி, இரண்டு நேரங்களின் வித்தியாசத்தைப் பாதியாக்கினால் 100 மீற்றருக்கு நீங்கள் தாங்கக்கூடிய வேகம் வரும். எனக்கு 9 நிமிடம் 20 விநாடியும் 4 நிமிடம் 24 விநாடியும் ஆனது, அதன்படி 100 மீற்றருக்கு 2 நிமிடம் 28 விநாடி. இதற்குக் கடிகாரம் மட்டும் போதும்.

இன்னொன்று. உங்கள் அட்டையில் தானாகப் புதுப்பிக்கும் அனுமதி இருந்தால் இன்றே நீக்குங்கள். பத்து வீதக் கழிவோடு அடுத்த 12 வாரத்துக்கு என் கணக்கிலிருந்து பணம் எடுக்கப்படும் என்று காலையில்தான் குறுஞ்செய்தி வந்தது. இதை எழுதி முடித்துவிட்டு வங்கிக்குத்தான் போகிறேன்.