போன் செயலியா, கைமீட்டரா: பள்ளி இரைச்சல் கணக்கெடுப்புக்கு எது உதவும்?

காரைக்குடியில் பேருந்துகள் ஓயாமல் போகும் சாலையை ஒட்டி எங்கள் பள்ளி இருக்கிறது. ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகளைக் கொண்டு இரைச்சல் கணக்கெடுப்பு நடத்த நினைத்தபோது இரண்டு வழிகள் இருந்தன. ஆளுக்கொரு போனில் இலவசச் செயலியை இறக்கிக்கொள்ளலாம். இல்லையென்றால் சில ஆயிரம் ரூபாய் கொடுத்து, ஒலியை அளக்கும் கைமீட்டர் ஒன்றை வாங்கலாம். நாங்கள் மீட்டரை வாங்கினோம். இன்னொரு பள்ளி கேட்டாலும் அதையே சொல்வேன்.

போனுக்குச் சாதகமானதை முதலில் சொல்லிவிடுகிறேன். செலவில்லை, எல்லார் கையிலும் இருக்கிறது, வரைபடம் தானே வரும். எந்தத் தெருவில் சத்தம் அதிகம், எந்த நேரத்தில் அதிகம் என்று மேலோட்டமாகத் தெரிந்துகொள்ள அது போதும். ஆனால் போனின் மைக் பேச்சுக்காகச் செய்யப்பட்டது. பின்னணி இரைச்சலை அடக்கும் மென்பொருள் பல போன்களில் உள்ளேயே ஓடுகிறது. சத்தம் கூடினால் மைக் தன் உச்சத்தைத் தொட்டு நின்றுவிடும். இதைக் கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. சத்தமாக ஓடும் மோட்டாரை நோக்கிப் போனைக் கொண்டுபோங்கள். நெருங்க நெருங்க எண் ஏற வேண்டும். ஏறாமல் ஓரிடத்தில் ஒட்டிக்கொண்டால், அதற்கு மேல் அந்தப் போனுக்குக் கேட்காது.

பள்ளி வாசலில் நான்கு போன்களை ஒரே மேசையில் வரிசையாக வைத்துப் பார்த்தோம். ஒன்று 62 டெசிபல் காட்டியது, பக்கத்தில் இருந்தது 70. “சார், எதை எழுதட்டும்?” என்று ஒரு மாணவி கேட்டாள். கவரைக் கழற்றியதும் ஒரு போனில் எண் மாறியது. மீட்டர் வாங்க வேண்டும் என்று அங்கேயே முடிவாகிவிட்டது.

மீட்டருக்கும் பிழை உண்டு. விலை குறைந்தவற்றில் ஒன்றரை, இரண்டு டெசிபல் வரை தள்ளிப்போகலாம். ஆனால் அந்தப் பிழை எவ்வளவு என்று பார்த்துச் சரிசெய்ய முடியும். அதற்கென்று காலிப்ரேட்டர் என்ற சிறு கருவி இருக்கிறது. அதன் துளைக்குள் மீட்டரின் மைக்கைச் செருகினால் 1000 ஹெர்ட்ஸில் சரியாக 94 டெசிபல் ஒலி கொடுக்கும். மீட்டர் 92.5 காட்டினால், பக்கவாட்டில் உள்ள சிறு திருகைத் திருப்பி 94-க்குக் கொண்டுவரலாம். போனின் மைக் ஊசித்துளை அளவே இருப்பதால் அதை இப்படிச் செருகிப் பார்க்க வழியில்லை. எனக்கு எல்லாவற்றையும்விட முக்கியமாகப் பட்டது இதுதான். ஜூன் மாதம் எடுத்த எண்ணையும் ஜனவரியில் எடுத்த எண்ணையும் பக்கத்தில் வைத்துப் பேச வேண்டுமென்றால் கருவி நடுவில் மாறவில்லை என்று தெரிந்திருக்க வேண்டும். காலிப்ரேட்டரின் விலை சில நேரம் மீட்டரையே தாண்டிவிடும். அதனால் அதை வாங்காமல், பக்கத்தில் உள்ள பொறியியல் கல்லூரி ஆய்வகத்தில் கேட்டுச் சரிபார்த்துக்கொள்வது நல்லது.

மற்ற பராமரிப்பு சொற்பம்தான். பேட்டரி தளர்ந்தால் எண் பிசகும், அதனால் பயன்படுத்தாத நாட்களில் கழற்றி வைக்க வேண்டும். வெளியிடத்தில் அளக்கும்போது மைக்கின் மேலுள்ள பஞ்சு உருண்டையைக் கழற்றவே கூடாது. கழற்றினால் காற்று மோதும் சத்தமும் இரைச்சல் கணக்கில் சேர்ந்துவிடும்.

விலை குறைந்த மீட்டரில் பெரிய குறை ஒன்று உண்டு. அது அந்தந்த நொடியின் அளவைத்தான் காட்டும், சராசரியைக் கணக்கிடாது. ஆனால் 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சராசரி அளவைத்தான் கேட்கின்றன. பகலில் குடியிருப்புப் பகுதிக்கு 55, பள்ளி, மருத்துவமனை போன்றவற்றைச் சுற்றி அறிவிக்கப்படும் அமைதி மண்டலத்துக்கு 50 டெசிபல். ஹாரன் அடித்த நொடியில் வந்த 85-ஐ எடுத்து 50-உடன் ஒப்பிடுவது முறையாகாது. அதனால் மீட்டரை, காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப அளக்கும் ‘ஏ’ நிலையிலும், எண் நிதானமாக மாறும் ‘ஸ்லோ’ நிலையிலும் வைத்து, சுவரிலிருந்து மூன்றரை மீட்டராவது தள்ளி, நெஞ்சுயரத்தில் பிடித்து, பத்து நொடிக்கு ஒருமுறை பத்து நிமிடம் எழுதினோம். ஒருவர் கடிகாரத்தை மட்டும் பார்த்து “இப்போ” என்று சொல்ல, மற்றவர் திரையில் அந்தக் கணம் இருப்பதை எழுதவேண்டும். தனியாக விட்டால் பிள்ளைகள் பஸ் வந்ததும் பெரிய எண்ணைப் பிடித்து எழுதிவிடுவார்கள்.

அந்த அறுபது எண்களையும் கூட்டி வகுத்தால் தவறு, ஏனென்றால் டெசிபல் மடக்கை அளவு, பத்து கூடினால் ஒலியின் ஆற்றல் பத்து மடங்காகிவிடும். விரிதாளில் A2 முதல் A61 வரை எண்களை எழுதி இப்படிப் போட வேண்டும்:

```
=10*LOG10(SUMPRODUCT(10^(A2:A61/10))/60)
```

இதன் பலன் கட்டுப்பாட்டு வழிகளை எடைபோடும்போதுதான் தெரிகிறது. பத்து அளவுகளில் ஒன்பது 60, ஒன்று மட்டும் ஹாரனால் 80 என்று வையுங்கள். சாதாரண சராசரி 62. சரியான சராசரி 70.4. அந்த ஒரு ஹாரன் இல்லாவிட்டால் 60-க்கு இறங்கிவிடும். அதாவது பத்து டெசிபல் குறையும், காதுக்குச் சத்தம் ஏறக்குறைய பாதியானதுபோல் இருக்கும். சுற்றுச்சுவரை உயர்த்தினால் என்ன கிடைக்கும்? சாலை கண்ணுக்கு மறையும் அளவுக்குச் சுவர் எழும்பினால் ஐந்து டெசிபல் போலக் குறையும். அப்போதும் சராசரி 65 ஆகத்தான் இருக்கும். மாடி வகுப்பிலிருந்து பார்த்தால் சாலை தெரிகிறது என்பதால் அங்கே அந்தப் பலனும் இல்லை. ஒற்றை வரிசை வேப்பமரத்துக்கு இரைச்சல் அடங்காது. பல பத்து மீட்டர் அடர்ந்த தோப்பாக இருந்தால்தான் கொஞ்சம் குறையும். ஜன்னலைச் சாத்தினால் பத்து டெசிபல் போகும், ஆனால் சித்திரை வெயிலில் யார் சாத்துவது?

சுவரின் ஐந்து டெசிபலை, எட்டு டெசிபல் வித்தியாசம் காட்டும் போன்களை மாற்றி மாற்றி வைத்து எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரே போனை இரண்டு இடத்திலும் வைத்தால் ஓரளவு தேறும் என்று நினைக்கிறேன், ஆனால் அதை நாங்கள் முழுமையாகச் சோதிக்கவில்லை. சுவர் விஷயத்திலும் எங்கள் அனுபவம் சொற்பம். நாங்கள் சுவர் எழுப்பவில்லை, வேறொரு கட்டடத்தின் சுவருக்கு இருபுறமும் அளந்து பார்த்தோம், அவ்வளவுதான்.

இன்னொரு வழியை எங்கள் ஊர் வீடுகளே காட்டின. ஒரு பழைய செட்டிநாட்டு வீட்டில் அனுமதி வாங்கி, தெருத் திண்ணையிலிருந்து உள்ளே நடந்தபடியே அளந்தோம். திண்ணையில் 70-ஐ ஒட்டி இருந்த எண், முதல் முற்றத்தில் இறங்கி, அதற்கும் உள்ளே இருக்கும் இரண்டாம் கட்டுப் பகுதியில் 50-க்குக் கீழே போனது. நடுவே அறைகளும் தடித்த சுவர்களும் நிற்பதால் திறந்த முற்றத்திலும் தெரு கேட்கவில்லை. பள்ளியிலும் அப்படிச் செய்யலாம் அல்லவா? சாலைப் பக்கம் பொருள் அறை, ஆய்வகம், பின்பக்கம் வகுப்புகள். செங்கல் செலவில்லை.

முடிவில் தலைமையாசிரியரிடம் இரண்டைக் கேட்டிருக்கிறோம். வாசலில் ஹாரன் தடைப் பலகை வைத்து, பேருந்து ஓட்டுநர்களிடம் நேரில் பேசுவது ஒன்று. சாலை பார்த்த இரண்டு வகுப்புகளைப் பின்னால் மாற்றுவது மற்றொன்று. மாற்றிய பிறகு வாசலில் ஒரு மீட்டர், வகுப்பில் ஒரு மீட்டர் என ஒரே பத்து நிமிடத்தில் அளப்போம். வெவ்வேறு நாளில் அளந்தால் போக்குவரத்து மாறியதா, அறை மாறியதால் குறைந்ததா என்று பிரிக்க முடியாது. இரண்டாவது மீட்டரை இரவல் கேட்டிருக்கிறோம். அது வந்ததும் இரண்டையும் பக்கத்தில் வைத்து வித்தியாசம் எத்தனை என்று முதலில் குறித்துக்கொள்வோம்.