படக்குறிப்பும் பெட்டி மேற்கோளும் கட்டுரைக்குள் கலக்காமல்: டெசராக்ட் பயன்பாட்டு அனுபவம்

பழைய நாளிதழ் இணைப்பிதழ்களை ஸ்கேன் செய்து எழுத்துவடிவில் சேமிக்கும் வேலைக்குச் சில ஆண்டுகளாக டெசராக்ட் மென்பொருளைப் பயன்படுத்தி வருகிறேன். தெளிவாக அச்சான தமிழை அது நன்றாகவே படிக்கிறது. எழுத்துப்பிழை கண்ணில் பட்டுவிடும், திருத்திவிடலாம். ஆனால் படத்தின் கீழுள்ள குறிப்பும், கட்டுரையின் ஒரு வரியைப் பெரிய எழுத்தில் எடுத்துப் போட்ட பெட்டி மேற்கோளும் உடற்பகுதிக்குள் புகுந்துவிட்டால் எல்லாம் சரியான சொற்களாகவே இருக்கும். கண் எளிதில் ஏமாந்துவிடும்.

வெறும் எழுத்துக்கோப்பாக எடுத்தால் இந்தச் சிக்கல் தீராது. எந்த வரி பக்கத்தில் எங்கே இருந்தது என்பதே அதில் தொலைந்துபோகும். அதனால் நான் எடுப்பது, ஒவ்வொரு வரியோடும் அது இருந்த இடத்தையும் சேர்த்து எழுதிவைக்கும் hOCR கோப்பு:

```
tesseract pakkam.png pakkam -l tam --psm 3 hocr
```

இங்கே `--psm 3` என்பது பக்க அமைப்பைத் தானே ஆராயச் சொல்வது. `6` என்று கொடுத்தால் முழுப் பக்கத்தையும் ஒரே தொகுதியாக எண்ணி, பக்கத்தில் அடுத்தடுத்து நிற்கும் பத்திகளைக் குறுக்கே படித்துக்கொண்டு போகும். hOCR கோப்பில் சாதாரண வரிக்கு `ocr_line`, படக்குறிப்புக்கு `ocr_caption`, பத்திகளைத் தாண்டி மிதக்கும் வரிக்கு `ocr_textfloat` என்று பெயர் விழும். கேட்க அருமையாக இருக்கிறது, ஆனால் இந்தப் பெயர்களை நம்பி வேலையை முடித்துவிட முடியாது. பாராவின் கடைசிக் குறுவரிக்குப் படக்குறிப்புப் பட்டம் கிடைப்பதும், உண்மையான படக்குறிப்பு சாதாரண வரியாகக் கிடப்பதும் வாடிக்கை.

நான் நம்புவது அதே வரியில் பக்கத்திலேயே இருக்கும் இரண்டு விவரங்களை: வரியின் எல்லையைச் சொல்லும் `bbox`, எழுத்தின் உயரத்தைச் சொல்லும் `x_size`. 300 டிபிஐ ஸ்கேனில் 10 புள்ளி எழுத்து ஏறக்குறைய 42 பிக்சல் வரும். 8 புள்ளிப் படக்குறிப்பு 33 அளவில் நிற்கும். 18 புள்ளி மேற்கோள் 75ஐத் தொடும். ஒரு பக்கத்தில் உடற்பகுதியின் அளவு எது என்று பார்த்துக்கொண்டால், அதிலிருந்து விலகி நிற்பவை தாமே காட்டிக்கொடுக்கும்.

ஒரு பக்கத்தை எடுத்துக்கொள்வோம். நான்கு பத்தி; இரண்டாம், மூன்றாம் பத்திகளை இடையில் அறுத்து, இரண்டின் அகலத்துக்கும் ஒரு படம், அதன் கீழே குறிப்பு, இன்னும் கீழே மேற்கோள். இரண்டாம் பத்தி கிடைமட்டத்தில் 900 முதல் 1650 வரை, மூன்றாம் பத்தி 1720 முதல் 2470 வரை. படக்குறிப்பு வரி இப்படி வருகிறது:

```
<span class='ocr_line' id='line_1_58' title="bbox 902 2110 2468 2147; baseline 0 -8; x_size 33">
```

பெயர் `ocr_line`தான். ஆனால் `bbox`இன் முதல் எண்ணையும் மூன்றாம் எண்ணையும் பாருங்கள்: வரி கிடைமட்டத்தில் 902இல் தொடங்கி 2468இல் முடிகிறது. இரு பத்தி அகலமுள்ள வரி உடற்பகுதியாக இருக்க வழியில்லை, எழுத்தும் சிறியது. மேற்கோள் இன்னும் எளிது, `x_size` 70க்கு மேல். ஒன்றிரண்டு சொல் மட்டுமே உள்ள வரிகளில் மட்டும் `x_size` தடுமாறும். கொம்பும் சுழியும் மேலும் கீழும் போகிற தமிழில் இது அதிகம் என்பது என் அனுபவம். அங்கே படத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்க வேண்டும்.

இரண்டையும் வெளியே எடுத்தபின் இரண்டாம், மூன்றாம் பத்திகள் ஒவ்வொன்றிலும் அறுபட்ட இரு முனைகளையும் ஒட்ட வேண்டும். நம் நாளிதழ்கள் வரி முடிவில் இணைப்புக்கோடு இல்லாமலே சொல்லை உடைக்கும். மேலே ‘வெள்ளத்’ என்று நிற்கும், படமும் மேற்கோளும் தாண்டிக் கீழே ‘தில்’ என்று தொடரும். அதனால் பிரித்த இடத்தை ஒவ்வொரு முறையும் வாய்விட்டுப் படிக்கிறேன். வாக்கியம் வினைமுற்றில் போய் முடியாவிட்டாலோ, எழுவாய்க்குப் பொருந்தாத வினை வந்தாலோ ஒட்டு சரியில்லை என்று பொருள்.

பெட்டி மேற்கோள் கட்டுரையில் ஏற்கெனவே இருப்பதுதானே, அழித்துவிடலாமே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. உதவி ஆசிரியர் வரியைச் சுருக்கியிருப்பார். சில நேரம் இடமில்லாமல் கட்டுரையிலிருந்து வெட்டிய வாக்கியம் மேற்கோளில் மட்டுமே தப்பியிருக்கும். அப்படியே உள்ளே விட்டாலோ, தேடும்போது ஒரே வாக்கியம் இரண்டு முறை சிக்கும். ஆகவே கட்டுரை முடிந்தபின் `[பெட்டி மேற்கோள்]`, `[படக்குறிப்பு]` என்று தலைப்பிட்டுத் தனித்தனியாக வைக்கிறேன். ‘படம்:’ என்று தொடங்கும் படக்கலைஞர் பெயருக்கும் தனி வரி. படக்குறிப்பின் எழுத்துப்பிழைகளைக்கூட அச்சில் உள்ளபடியே விடுகிறேன்.

டெசராக்டால் எனக்கு இன்னும் ஆகாத வேலை, படத்தின் மேலேயே அச்சிட்ட குறிப்பு. அதைப் படத்தின் பகுதியாக எண்ணி விட்டுவிடுகிறது, கோப்பில் சுவடே இருக்காது. அந்தத் துண்டை மட்டும் வெட்டியெடுத்து, மாறுபாட்டைக் கூட்டி, `--psm 6` கொடுத்துத் தனியாகப் படிக்க வைக்கிறேன். பின்னணி இருண்ட மரமோ கூட்டமோ ஆனால் அதுவும் பலிக்காது. கையால் தட்டச்சு செய்வதே விரைவு.