வாக்குச்சாவடிப் பணி நேரம்: ஒரே குழுவா, இரண்டு ஷிப்டா, மாற்று ஆளா?

தமிழ்நாட்டில் 2024 ஏப்ரல் 19 அன்று வாக்குப்பதிவு காலை 7 முதல் மாலை 6 வரை நடந்தது. பார்த்தால் 11 மணி நேர வேலைதான். பூத்தில் உட்கார்ந்தவர்களுக்கு அது அப்படி இல்லை.

முதல் நாளே தேர்தல் பணி ஆணையை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய், இரவு பெஞ்சுகளைச் சேர்த்துப் போட்டுப் படுக்கிறோம். மாதிரி வாக்குப்பதிவு 5.30-க்குத் தொடங்க வேண்டும் என்பதால் 4 மணிக்கே எழுந்தாக வேண்டும். வேட்பாளர்களின் ஏஜென்டுகள் வரவில்லை என்றால் 15 நிமிடம் காத்திருந்து பார்க்கலாம். பிறகு குறைந்தது 50 மாதிரி ஓட்டு, முடிவைக் காட்டுவது, அழிப்பது, யாருக்கு ஓட்டு விழுந்தது என்று அச்சிடும் விவிபேட்டின் சீட்டுகளை எடுத்து உறையிடுவது, சீல் வைப்பது. அழிக்க மறந்தால் அந்த 50 ஓட்டும் உண்மையான ஓட்டோடு கலந்துவிடும். மொத்தம் பூஜ்யம் என்று திரையில் வருவதை ஏஜென்டுகளுக்குக் காட்டிவிட்டுத்தான் தொடங்குகிறோம். அரைத் தூக்கத்தில் செய்யக்கூடாத வேலை இது. அதனால் விடியற்காலையில் வீட்டிலிருந்து கிளம்பி வருவதைவிட, முதல் நாள் தங்குவதே மேல் என்பேன். ஆனால் மின்விசிறியும் கழிப்பறையும் சரியாக இருக்க வேண்டும்.

பகலுக்கு மூன்று வழிகளைச் சொல்கிறார்கள்.

முதலாவது, இப்போது உள்ளது போல ஒரே குழு. தலைமை அலுவலர் ஒருவர். முதல் அலுவலர் பட்டியலில் பெயரைத் தேடுகிறார். இரண்டாமவர் ஓட்டுப் போட வருபவர்களை வரிசை எண்ணோடு பதியும் 17ஏ பதிவேட்டில் கையெழுத்து வாங்கி மை வைக்கிறார். மூன்றாமவர் ஓட்டுகளைப் பதிந்து வைக்கும் கண்ட்ரோல் யூனிட்டில். யார் எதைச் செய்தார் என்பது தெளிவாக இருக்கும், பொறுப்பு சிதறாது. ஆனால் இடைவேளை கிடையாது. மதியம் 3 மணிக்கு மை வைக்கிற கையைப் பாருங்கள். விரலைப் பிடித்து, கோடு எங்கே விழுகிறது என்று பார்க்காமலே இழுத்துக்கொண்டிருக்கும்.

இரண்டாவது, இரண்டு ஷிப்ட். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் 12.30-க்குக் கைமாற்றும்போது வரிசையை நிறுத்த முடியாது. கண்ட்ரோல் யூனிட் காட்டும் மொத்தமும் 17ஏ-யின் கடைசி எண்ணும் ஒத்துப்போகிறதா என்று பார்த்து இரு தரப்பும் கையெழுத்திட வேண்டும். இரவில் கணக்கு ஒன்று குறைந்தால், காலையில் இருந்தவர் செய்ததா, மாலையில் வந்தவர் செய்ததா? அதோடு ஆள் இரு மடங்கு வேண்டும். எனக்கு இது உடன்பாடில்லை.

மூன்றாவது, அதே குழு, கூடவே ஒரு மாற்று அலுவலர். ரிசர்வில் இருப்பவர்களில் பயிற்சி பெற்ற ஒருவருக்கு அந்த பூத்துக்கே ஆணை கொடுத்துவிட வேண்டும். 11.30-லிருந்து 45 நிமிடம் வீதம் மூன்று அலுவலர்களையும் அவர் விடுவித்தால் 1.45-க்குள் எல்லோரும் சாப்பிட்டு, கால் நீட்டி வந்துவிடலாம். தலைமை அலுவலர் மட்டும் அறையை விட்டுப் போகாமல் தன் மேசையிலேயே சாப்பிடட்டும். அவர் பொறுப்பைச் சும்மா மாற்றிக்கொள்ள முடியாது. வேட்பாளரின் ஏஜென்டுக்கு இரண்டு மாற்று ஏஜென்டுகளை வைக்க விதி இடம் தருகிறது. நமக்கு ஒருவரைக் கேட்பது அதிகமில்லை.

ஆனாலும் உண்மையான இடர் மாலை 6-க்குப் பிறகுதான். வரிசையில் நிற்பவர்களுக்குக் கடைசி ஆளிலிருந்து சீட்டு கொடுத்து ஓட்டை முடிக்கிறோம். குளோஸ் பொத்தானை அழுத்தி, 17சி படிவத்தில் பதிவான ஓட்டுகளின் கணக்கு எழுதி, நகலை ஏஜென்டுகளுக்குக் கொடுத்து, சீல் வைக்க எப்படியும் 7.30 ஆகும். அப்புறம் மண்டலத்தின் பூத்துகளில் இயந்திரங்களை வாங்கிப்போக வரும் ஜோனல் வண்டிக்குக் காத்திருப்பு.

கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஒரு மண்டலத்தில் 10 பூத், ஒரே வண்டி. ஒவ்வொன்றிலும் சரிபார்த்து வாங்க 20 நிமிடம், அடுத்த பூத்துக்குப் போக 10 நிமிடம். 7.30-க்கு முதல் பூத்தில் தொடங்கினால், பத்தாவது பூத்துக்கு நள்ளிரவு 12-க்குத்தான் வண்டி வரும். 4 மணிக்கு எழுந்தவர் 20 மணி நேரம் விழித்திருப்பார். இரண்டு வண்டிகள் ஆளுக்கு ஐந்து பூத் எடுத்தால் கடைசி பூத்துக்கு 9.30-க்கே வந்துவிடும். குழுவே பஸ்ஸில் இயந்திரத்தோடு மையத்துக்குப் போய் ஒப்படைக்கும் முறை வேறு பல மாநிலங்களில் உண்டு. அங்கே காத்திருப்பு பூத்திலிருந்து கவுன்டருக்கு மாறுகிறது, அவ்வளவுதான். அலுத்த உடம்போடு இரவுப் பயணம் வேறு.

என் தேர்வு: மாற்று அலுவலர் ஒருவர், இரண்டு வண்டி. இரண்டில் ஒன்றுக்குத்தான் பணம் என்றால் வண்டியை எடுத்துக்கொள்வேன். வண்டி எந்த வரிசையில் வரும் என்பதை முதல் நாளே பூத்துக்குச் சொல்லிவிட வேண்டும். 11 மணி என்று தெரிந்தால், சீல் வைத்தபின் இருவர் விழித்து இயந்திரத்தைக் காக்க, மற்றவர்கள் கண் அசரலாம். மறுநாள் ஓய்வையும் கடைசி பூத்தின் நேரத்தை வைத்தே கணக்கிட வேண்டும். 12.20-க்கு விடுபட்டு, பஸ் கிடைக்காமல் 2 மணிக்கு வீடு சேர்ந்த ஆசிரியையைக் காலை 9-க்கு வகுப்பில் நிற்கச் சொல்வது நியாயமில்லை. வீட்டுக்குக் கொண்டுவிட ஒரு வேனும் அதே திட்டத்தில் இருக்க வேண்டும்.