கரைவலை ஆய்வு: முன்னிருந்தா, பின்னிருந்தா திட்டமிடுவது?

திருகோணமலை மாவட்டத்தின் குச்சவெளிக் கரைவலைத் தொழிலாளர் பற்றிய ஆய்வேட்டின் முன்மொழிவு ஜூலையில் ஏற்கப்படுகிறது. ஆய்வேட்டுச் சமர்ப்பிப்பு அடுத்த ஆண்டு மே இறுதியில்.

அத்தியாய வரிசைப்படி போனால் அறிமுகம், இலக்கிய மீளாய்வு, முறையியல் என ஒக்டோபர் கழிந்துவிடும். நேர்காணலுக்குப் போகும்போது வடகீழ்ப் பருவமழை. வலைகள் கரையேறியிருக்கும், வாடிகளில் ஆள் இராது. வரிசை ஒழுங்காகத் தெரிவதுதான் இதன் பொறி.

மேயிலிருந்து பின்னோக்கி எண்ணினால் நிலைமை வேறு. மேற்பார்வையாளர் வாசிக்க 3 வாரம், திருத்த 3 வாரம். ஆகவே முழு வரைவு ஏப்ரல் நடுப்பகுதியில். முடிவுகள், கலந்துரையாடல் அத்தியாயங்களுக்கு ஜனவரி முதல் மார்ச் வரை. களப்பணி ஓகஸ்ட், செப்டெம்பரில். மழைக்காலத்தில் நேர்காணல்களை எழுத்தாக்கிக்கொண்டே இரண்டாம் அத்தியாயம்.

முறையியலைக் களம் முடிந்த கையோடு எழுதலாம்: முன்மொழிவின் 'செய்யப்படும்' என்பதைச் 'செய்யப்பட்டது' ஆக்கி, மாறியவற்றைச் சேர்த்தால் பாதி முடிந்தது. ஆனால் நேர்காணல் வினாக்களும் நெறிமுறை அனுமதியும் ஜூலையிலேயே தயாராக இல்லாவிட்டால் இந்த வழியும் சரிவராது.